99.98க்குப் பின்னால் வரும் கேள்விகள்

அக்கா மகள் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். கல்லூரியில் பிளேஸ்மென்ட் தொடங்குவதற்கு மூன்று வாரம் இருந்தபோது தன் ரெஸ்யூமேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “சித்தி, ஸ்பெல்லிங் மட்டும் பாத்துச் சொல்லுங்க. நாளைக்குக் குடுக்கணும்.”

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒரே பக்கம், சீரான எழுத்து, தேவையான தலைப்புகள். ஆனால் நடுவில் இருந்த ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நான் பதினோரு வருடமாக ஆள் எடுக்கும் பேனலில் உட்காருகிறேன். இந்த வரியோடு ஒரு தாள் என் மேஜைக்கு வந்தால் என் பேனா எங்கே வட்டம் போடும் என்பது எனக்குத் தெரியும். “நாளைக்குக் குடுக்காதே. சனிக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வா” என்று பதில் போட்டேன்.

அந்த வரி இதுதான்: “மெஷின் லேர்னிங் மூலம் ரியல் டைம் கிரெடிட் கார்டு மோசடி கண்டறியும் அமைப்பை உருவாக்கினேன், துல்லியம் 99.98%.”

கேள்வி கேட்பவர் ரெஸ்யூமேயைக் கையில் எடுக்கும்போது முழுக்க வாசிப்பதில்லை. பெரும்பாலும் அதற்கு நேரமும் இருக்காது. உள்ளே வரும் பிள்ளை நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். அப்போது மூன்று வகைச் சொற்கள் கண்ணில் தட்டும். ஒன்று எண். இன்னொன்று வினைச்சொல்: உருவாக்கினேன், வழிநடத்தினேன், மேம்படுத்தினேன் என்பவை. மூன்றாவது, சும்மா அலங்காரத்துக்கு வந்து உட்கார்ந்த அடைமொழி. இந்த ஒரே வரியில் மூன்றும் இருந்தன. கேள்விகள் அங்கிருந்துதான் புறப்படும். முதல் பதிலிலிருந்து அடுத்த கேள்வி, அதன் பதிலிலிருந்து இன்னொன்று என்று, பதில் வற்றும் இடம்வரை தோண்டுவோம்.

எல்லாருக்கும் ஓர் இடத்தில் பதில் வற்றத்தான் செய்யும். அது எத்தனையாவது கேள்வியில் வற்றுகிறது என்பதைத்தான் நாங்கள் கவனிக்கிறோம். தானே செய்ததாக எழுதிய வேலையில் இரண்டாவது கேள்விக்கே ஒருவர் திணறினால், அந்த வரி மட்டும் போவதில்லை. மற்ற வரிகளையும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்கத் தோன்றும். நல்ல பிள்ளைகள் பலர் இப்படி ஒரு வரியால் வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் அவளை வரச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை வந்தாள். தாளை அச்செடுத்து நடுவில் வைத்துக்கொண்டோம். முதலில் அடைமொழியிலிருந்து தொடங்கினேன்.

“ரியல் டைம்னு போட்டிருக்கியே, ஒரு பரிவர்த்தனை நடந்து எத்தனை மில்லி செகண்டுல உங்க மாடல் பதில் சொல்லுது?”

“அப்படியெல்லாம் இல்ல சித்தி. ஒரு சி.எஸ்.வி ஃபைல் இருக்கு. அதைப் படிச்சு மாடல் பண்ணினோம்.”

அப்படியானால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை. ஒரு கோட்டில் அடித்தோம். இதைப் பற்றி இவ்வளவு போதும். எண்ணுக்குத்தான் நேரம் வேண்டியிருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட தரவு உலகம் முழுக்க மாணவர்கள் பயன்படுத்துவது. காகிள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக் குழு வெளியிட்டது. 2013 செப்டம்பரில், இரண்டு நாளில், ஐரோப்பிய கார்டுதாரர்கள் செய்த 284,807 பரிவர்த்தனைகள் அதில் இருக்கின்றன. அவற்றில் மோசடி 492. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை.

இந்த விகிதத்தைத் தெரிந்துகொண்டால் துல்லியம் என்ற சொல்லே வேறு மாதிரி தெரியும். எதையுமே பார்க்காமல், வருகிற ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் “மோசடி இல்லை” என்று சொல்லும் ஒரு நிரலை எழுதினால் என்ன ஆகும்? 284,315 இடத்தில் அது சொன்னது சரியாக இருக்கும். துல்லியம் 99.83%. ஆனால் 492 மோசடிகளில் ஒன்றைக்கூட அது பிடித்திருக்காது. தெருவில் வருடத்துக்கு ஒருமுறைதான் திருட்டு நடக்கிறது என்றால், வருடம் முழுக்கத் தூங்கிய காவல்காரரும் 364 இரவு சரியாகவே வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்டலாம். அவரை வேலைக்கு வைத்தது அந்த ஒரு இரவுக்காக.

“அப்போ 99.98னா தூங்குறவரைவிட நாங்க கொஞ்சம்தான் மேலயா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. இந்தத் தரவில் ஒழுங்காகச் செய்தால் பொதுவாக 99.95 பக்கம்தான் வரும். 99.98 கொஞ்சம் அதிக நல்லதாக இருந்தது. நோட்புக்கைத் திறக்கச் சொன்னேன்.

கடைசியில் நான்கு கட்டம் கொண்ட ஒரு சிறிய அட்டவணை இருந்தது. கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்பார்கள். மோசடியை மோசடி என்று சொன்னது எத்தனை, நல்லதை நல்லது என்று சொன்னது எத்தனை, மாற்றிச் சொன்னது எத்தனை என்று பிரித்துக் காட்டும். மோசடி வரிசையில் இருந்த இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னேன். ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம் வந்தது.

“மொத்த ஃபைல்லயே மோசடி எத்தனை?”

“நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டு.”

சொல்லிவிட்டு அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக்காக எடுத்து வைப்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 492இல் ஐந்தில் ஒரு பங்கு தொண்ணூற்றெட்டு. ஐம்பத்தாறாயிரம் எங்கிருந்து வந்தது?

வந்தது ஸ்மோட் என்ற முறையிலிருந்து. 2002இல் வெளியான ஒரு கட்டுரையில் அறிமுகமான முறை அது. ஒரு வகையில் தரவு மிகக் குறைவாக இருக்கும்போது, இருக்கிற சிலவற்றுக்கு நடுவில் அவற்றைப் போலவே புதிய தரவுகளைச் செயற்கையாக உண்டாக்கும். மோசடி உதாரணங்கள் போதாமல் மாடல் கற்க முடியாதபோது இது உதவும். முறையில் தவறில்லை; அதை எப்போது செய்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். இவர்கள் முதலில் ஸ்மோட் போட்டு மோசடியையும் நல்லதையும் சரிசமமாக்கிவிட்டு, அதன் பிறகு பயிற்சிக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கிறார்கள். அதனால் சோதனைக்கென ஒதுக்கியதிலும் பெரும்பாலும் செயற்கை மோசடிகளே இருந்தன. அவையும் பயிற்சியில் மாடல் ஏற்கெனவே பார்த்தவற்றின் அண்டை அயல். வீட்டில் போட்ட கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பரீட்சையில் கேட்டால் யாருக்கும் நூறு மார்க் வரும்.

இது இவர்கள் மட்டும் செய்கிற தவறில்லை. மாணவர் ப்ராஜெக்ட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது. கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதும் இல்லை. சோதனைப் பகுதியில் இருக்கும் மோசடிகளின் எண்ணிக்கை, அசல் கோப்பில் இருக்கும் மொத்த மோசடியைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பேனலில் இருப்பவர் இந்தத் தரவைத் தெரிந்தவராக இருந்தால் அவருடைய மூன்றாவது கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

திருத்துவதற்கு இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும். முதலில் பிரிக்க வேண்டும். பிறகு பயிற்சிப் பகுதிக்கு மட்டும் ஸ்மோட். சோதனைப் பகுதியைத் தொடக்கூடாது.

```python
X_train, X_test, y_train, y_test = train_test_split(
    X, y, test_size=0.2, stratify=y, random_state=42)
X_train, y_train = SMOTE(random_state=42).fit_resample(X_train, y_train)
```

மாடல் மறுபடி ஓடி முடிவதற்குள் காபி போட்டுக் கொண்டுவந்தேன். சோதனைப் பகுதியில் 56,962 பரிவர்த்தனைகள், அவற்றில் மோசடி 98. மாடல் பிடித்தது 81, தவறவிட்டது 17. நல்ல பரிவர்த்தனையை மோசடி என்று சொன்னது 13. துல்லியம் 99.95%.

அவள் முகம் வாடிவிட்டது. “நூத்துக்கு எண்பத்தி ரெண்டு, எண்பத்தி மூணுதானே சித்தி பிடிக்குது. இதைப் போட்டா யார் எடுப்பாங்க? மத்தவங்கல்லாம் 99 போட்டிருப்பாங்க.”

இந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவளாக நான் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. இந்தத் தரவில் 99.98 என்று எழுதியவரிடம் எனக்கு ஒரே கேள்விதான் இருக்கும்; அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். “98இல் 81” என்று எழுதியவரிடம் பதினைந்து நிமிடம் பேச விஷயம் இருக்கிறது. துல்லியம் என்ற சொல்லை ஏன் விட்டார் என்பதிலேயே அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன வரும் என்று அன்று மதியம் முழுக்கப் பார்த்தோம். நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். தெரியாததை நோட்புக்கிலேயே ஓட்டிப் பார்த்தாள்.

`random_state=42` என்று இருக்கிறதே, அந்த 42 என்ன? “எல்லாரும் போடுவாங்க” என்றாள். அந்த எண் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் தரவு ஒரே மாதிரி பிரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. அப்படியென்றால் வேறு எண் போட்டால் 81 மாறுமா? மாறும். சோதனையில் இருப்பதே 98 மோசடிகள் என்பதால், ஒன்று கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆடும். நான்கு வேறு எண்களைப் போட்டு ஓட்டினாள். முதலில் வந்ததையும் சேர்த்து, குறைந்தது 76, அதிகம் 84. இனி யாராவது “81 தற்செயலா வந்ததா?” என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்கிறது: ஐந்து முறை பிரித்துப் பார்த்தேன், இந்த எல்லைக்குள் வந்தது.

தவறவிட்ட 17 எப்படிப்பட்டவை? இந்தக் கேள்வியை நான் ரொம்ப மதிக்கிறேன். தன் வேலையின் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர் யார், எண்ணை மட்டும் எழுதிக்கொண்டவர் யார் என்பது இதில் தெரிந்துவிடும். பதினேழே வரிகள்தான், பத்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். `Amount` என்ற பத்தியில் தொகை அப்படியே இருக்கிறது. அவள் பதினேழையும் தொகை வாரியாக அடுக்கிக் குறித்துக்கொண்டாள்.

`V14` என்ற பத்தி முடிவில் பெரிய பங்கு வகிக்கிறதே, அது என்ன? இங்கே அவள் திணறினாள். இதற்குப் பதில் அவளிடம் மட்டுமல்ல, அந்தக் கோப்பை இறக்கிப் பயன்படுத்தும் யாரிடமும் இல்லை. கார்டுதாரர்களின் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, `V1` முதல் `V28` வரையான பத்திகள் பி.சி.ஏ என்ற கணக்கு முறையில் உருமாற்றப்பட்டே வெளியிடப்பட்டன. அசல் விவரம் என்னவென்று தரவைத் தந்தவர்கள் சொல்லவில்லை. “அது என்னன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிக்கவும் முடியாது, ஏன்னா இப்படி” என்று காரணத்தோடு சொன்னால் அது முழுப் பதில். ஏதோ இடத்தையோ நேரத்தையோ குறிக்கும் என்று ஊகித்துச் சொல்லத் தொடங்கினால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

இதே மாடலை ஒரு வங்கியில் நாளைக்கே வைக்கலாமா? வைக்க முடியாது. இரண்டு நாள் தரவு அது. மாதச் சம்பள நாள், பண்டிகைக் காலம் எதையும் அது பார்க்கவில்லை. இதை அவளே சொன்னாள். ப்ராஜெக்ட் முடிந்து ஆறு மாதம் ஆகியும் இப்படி யோசித்ததில்லை என்றும் சொன்னாள்.

எண் ஒருவழியாக நின்றது. மிச்சம் இருந்தது வினைச்சொல். “உருவாக்கினேன்.”

“நீ ஒருத்தியாவா?”

“நாலு பேர் டீம்.”

“மத்த மூணு பேர் ரெஸ்யூமேல இந்த வரி எப்படி இருக்கு?”

ஒரே வரிதான் நான்கிலும். யாரோ ஒருவர் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட, மற்றவர்கள் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பிளேஸ்மென்ட் நாளில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஒரே நிறுவனம், ஒரே நாள், பல நேரம் ஒரே பேனல். காலை பத்து மணிக்கு ஒரு பிள்ளை, “மாடல் நான்தான் எழுதினேன்” என்கிறார். பதினொன்றரைக்கு இன்னொருவர் அதே வரியோடு வந்து அதையே சொல்கிறார். இரண்டு பேர் சேர்ந்தே எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டாவதாக வந்தவர் கொஞ்சம் தடுமாறினாலும் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்குத்தான் பேனல் போகும். அப்படி ஒரு பிள்ளையைப் பற்றி நானே அவசரமாக முடிவெடுத்து, பிறகு வருந்தியது உண்டு.

அவள் உண்மையில் செய்தது என்ன என்று விசாரித்தேன். தரவைச் சரிபார்த்ததும் ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலை ஓட்டியதும் அவள். முடிவைக் காட்டும் திரையைச் செய்தது ஒரு தோழி. மற்ற இரண்டு மாடல்களோடு ஒப்பிட்டது இன்னொருவன். நான்காவது பையன் அறிக்கையை எழுதி, காட்சிப் படங்களைத் தயாரித்திருக்கிறான். ஸ்மோட் வரியை எழுதியது யார் என்று கேட்டதற்கு, “நான்தான்” என்று மெதுவாகச் சொன்னாள். ஓர் இணையதளத்தில் பார்த்து எழுதினாளாம்.

நாங்கள் மாற்றி எழுதிய வரி இப்படி வந்தது: “கிரெடிட் கார்டு மோசடி கண்டறிதல் (நால்வர் குழு): 284,807 பரிவர்த்தனைகளில் 492 மட்டுமே மோசடியாக உள்ள பொதுத் தரவில், ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலைப் பயிற்றுவித்துச் சோதித்தேன். சோதனைப் பகுதியின் 98 மோசடிகளில் 81ஐக் கண்டறிந்தது. தவறான எச்சரிக்கை 13.” பழையதைவிட நீளம்தான். இடம் போதவில்லை என்பதற்காகப் பொழுதுபோக்குகள் என்ற தலைப்பையே எடுத்துவிட்டோம். “புத்தகம் வாசித்தல்” என்று போட்டிருந்தாள். கடைசியாக எதை வாசித்தாய் என்று நான் கேட்கும் முன்பே சிரித்துவிட்டு, அவளே அடித்தாள்.

மற்ற வரிகளுக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. தெரிந்த மொழிகள், கருவிகள் என்ற இடத்தில் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் கேட்டது ஒன்றே: கடைசியாக இதில் என்ன எழுதினாய், எப்போது? சி மொழி முதல் வருட லேப்போடு போயிருந்தது. மேகக் கணினிச் சேவை ஒன்றின் பெயர் இருந்தது. அதில் ஒரு மணி நேர வீடியோ பார்த்ததுதான் பழக்கம். ஐந்து மிஞ்சியது. பைத்தானையும் எஸ்.க்யூ.எல்லையும் முதலில் வைத்தோம். பதினொன்று எழுதினால் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்பவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் கை எப்போதும் நமக்குத் தெரியாததன் மேல்தான் விழும் என்பதில்லை, ஆனால் ஆறு பங்கு வாய்ப்பு அங்கேதான் இருந்தது.

சி.ஜி.பி.ஏ 7.94 என்பதை 8 என்று எழுதியிருந்தாள். அதை இருந்தபடியே மாற்றச் சொன்னேன். சேரும் நேரத்தில் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். இதில் விளக்கம் சொல்ல எதுவும் இல்லை. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு இதே இடத்தில் வருவது தேதி. சேர்ந்த மாதத்தையும் விட்ட மாதத்தையும் நீட்டி எழுதினால், பணிவிடுப்புக் கடிதத்திலும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் வேறு தேதி நிற்கும்.

மாலையில் கிளம்பும்போது, “மத்த மூணு பேருக்கும் என்ன சொல்றது சித்தி? இன்னும் 99.98தானே வச்சிருக்காங்க” என்றாள். அந்தக் கேள்வியை அவளிடமே விட்டேன். ஸ்மோட் வரியைத் தான்தான் தவறான இடத்தில் எழுதினேன் என்பதை அவள் சொல்லியாக வேண்டும். அது எளிதான பேச்சாக இருக்காது.

மறுநாள் இரவு போன் வந்தது. நான்கு பேரும் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து நோட்புக்கை முதலிலிருந்து ஓட்டினார்களாம். ஒப்பிட்ட இரண்டு மாடல்களிலும் அதே தவறு இருந்ததால் அவற்றையும் திருத்தினார்களாம். திரை செய்த தோழிக்குத்தான் கோபம்; அவள் ஏற்கெனவே பழைய எண்ணோடு ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துவிட்டாள். அவளுடைய தாள் போன இடத்துக்குத் திருத்திய பிரதியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ஒரே குழுவில் நான்கு ரெஸ்யூமேயும் வந்தன, எனக்கும் அனுப்பினாள். 98, 81, 13 என்ற எண்கள் நான்கிலும் ஒன்றாக இருந்தன. வினைச்சொற்கள் மட்டும் வேறு: பயிற்றுவித்தேன், வடிவமைத்தேன், ஒப்பிட்டேன், ஆவணப்படுத்தினேன்.